தையல் கடை விடுமுறை அறிவிப்புகள்: திருத்தி எழுதியவை

அண்ணா, நீங்கள் அனுப்பிய மூன்று மெசேஜையும் மாற்றி எழுதிவிட்டேன். அப்படியே காப்பி செய்து போடலாம்.

முதலில் கல்யாண லீவு. நீங்கள் எழுதியிருந்தது:

"12ல இருந்து 3 நாள் கடை லீவு. வீட்ல விசேஷம். சும்மா போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். துணி வேணும்னா முன்னாடியே வந்து வாங்கிக்கோங்க."

இப்படிப் போடுங்கள்:

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளின் திருமணத்தை முன்னிட்டு 12 வியாழன், 13 வெள்ளி, 14 சனி ஆகிய மூன்று நாட்களும் கடைக்கு விடுமுறை. 15 ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கம்போல் திறக்கிறோம்.

சீட்டில் 12 முதல் 14 வரை தேதி போட்டுள்ள துணிகள் அனைத்தும் 11 புதன்கிழமையே தயாராக இருக்கும். அன்று இரவு 10 மணி வரை கடை திறந்திருக்கும். விடுமுறை நாட்களில் போனை எடுக்க இயலாது. வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள், இரவில் பார்த்துப் பதில் அனுப்புகிறேன். உங்களுக்கு ஏற்படும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

"3 நாள்" என்று மட்டும் இருந்தால் 14 திறப்பா 15 திறப்பா என்று குழம்புவார்கள். அதனால்தான் கிழமையோடு எழுதினேன். அப்புறம் ஒன்று: 11ஆம் தேதிக்குள் தைத்து முடிக்க முடியுமா என்று கடையில் தைப்பவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடியாதென்றால் அந்த வரியை மாற்றித் தருகிறேன். துணி தயாராக இல்லாமல் அந்த வரி மட்டும் போனால், வந்தவர் முகம் வாடித் திரும்புவார்.

அடுத்தது போன மாதம் போட்டது: "இன்னிக்கு கடை இல்ல. உடம்பு சரியில்ல." இனி இப்படி நேர்ந்தால்:

வணக்கம். உடல்நலக் குறைவால் இன்று கடை திறக்க முடியவில்லை. முன்கூட்டியே சொல்ல முடியாமல் போனதற்கு மன்னிக்கவும். இன்று துணி வாங்க வேண்டியவர்கள் சீட்டு எண்ணை அனுப்புங்கள். கடைப் பையனிடம் சொல்லி மாலைக்குள் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன்.

மூன்றாவது, "இன்னும் ஒரு நாள் லீவு சேத்துக்கோங்க" என்பதற்குப் பதில். 15ஆம் தேதி திறக்க முடியாமல் போனால் மட்டும், அதையும் 14ஆம் தேதி மாலைக்குள் போட்டுவிடுங்கள்:

வணக்கம். நாளை திறப்பதாகச் சொல்லியிருந்தோம். விருந்தினர்கள் இன்னும் வீட்டில் இருப்பதால் 16 திங்கள் காலை 10 மணிக்குத்தான் திறக்க முடிகிறது. 15ஆம் தேதி வருவதாக இருந்தவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். உங்கள் துணிகள் திங்கள் காலையில் முதல் வேலையாகக் கொடுக்கப்படும்.

முதல் அறிவிப்பை 5ஆம் தேதி ஒரு முறையும் 10ஆம் தேதி மாலை ஒரு முறையும் அனுப்புங்கள், போதும். ஷட்டரிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் நம்பரைப் போனில் சேமிக்காதவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போய்ச் சேராது. வயதானவர்கள் பலர் சேமித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மட்டும் நேரில் பார்க்கும்போது சொல்லிவிடுங்கள் அண்ணா.