லோரி ஓட்டுநர் வீட்டில்: காப்புறுதி முகவர் வேலை நேர்காணலுக்கான நடிப்பு உரை

இடம் சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர், வயது 43. தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்து ஆறு ஆண்டு ஆகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள். மாலை ஆறரை மணி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. நேர்காணல் நடத்தும் நான் ஓட்டுநராக உட்காருவேன். வேலை கேட்டு வந்திருக்கும் பெண் முகவராக நடிப்பார். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும், சிற்றேடு வேண்டாம். சிற்றேட்டை விரித்ததும் நம் ஊர் ஆட்கள் வாயை மூடிக்கொள்வதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டேன்.

முகவர்: வணக்கம் அங்கிள். நேற்று ஃபோனில் பேசினது நான்தான். ஆன்ட்டி இல்லையா?

ஓட்டுநர்: கடைக்குப் போயிருக்கிறாள். உட்காரும்மா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்சூரன்ஸ் பேச்சே எனக்குப் பிடிக்காது. ஒரு தடவை போட்டுக் காசு போனது.

முகவர்: எப்படிப் போனது அங்கிள்?

ஓட்டுநர்: மாதம் 200 வெள்ளி, பதினெட்டு மாதம் கட்டினேன். சேமிப்பு மாதிரி என்றார் அந்த ஆள். நடுவில் வேலை மாறியது, கட்ட முடியவில்லை. பாலிசி நின்றுவிட்டது. கைக்கு வந்தது சொற்பம். அந்த ஆளைக் கூப்பிட்டால் ஃபோனே எடுக்கவில்லை.

முகவர்: அது முதலீட்டோடு சேர்ந்த பாலிசியாக இருந்திருக்கும் அங்கிள். முதல் சில ஆண்டுகளில் நாம் கட்டுவதில் ஒரு பங்குதான் முதலீட்டுக்குப் போகும். முகவர் கமிஷன், நிர்வாகச் செலவு, பாதுகாப்புக்கான கட்டணம் எல்லாம் அதிலிருந்தே கழியும். அதைச் சேமிப்பு என்று சொன்னது தப்பு. இன்றைக்கு நான் எதையும் விற்க வரவில்லை. உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா? சம்பளச் சீட்டு இருக்கிறதா?

(ஓட்டுநர் சீட்டைத் தருகிறார். முகவர் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த அமைதியை அவசரப்பட்டுப் பேச்சால் நிரப்பக் கூடாது.)

முகவர்: பெர்கேசோ பிடிக்கிறார்கள், நல்லது. வேலை நேரத்திலோ, வேலைக்குப் போய் வரும் வழியிலோ விபத்து நடந்தால் சிகிச்சைக்கும் வருமானத்துக்கும் அது உதவும். நோயால் வேலையே செய்ய முடியாமல் போனாலும், நீங்கள் இல்லாமல் போனாலும், சந்தாக் கணக்கு சரியாக இருந்தால் மாதாமாதம் பென்ஷன் உண்டு. இதையெல்லாம் யாராவது சொன்னார்களா?

ஓட்டுநர்: பிடிக்கிறார்கள் என்று தெரியும். பென்ஷன் தெரியாது.

முகவர்: ஆன்ட்டிக்கும் சொல்லி வையுங்கள். இபிஎஃப் சேமநிதிப் பணத்துக்கு யாரை வாரிசாக எழுதியிருக்கிறீர்கள்?

ஓட்டுநர்: (யோசித்து) அம்மா பெயர். முதல் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதினது. அம்மா தவறி நாலு வருடம் ஆச்சு.

முகவர்: அப்படியென்றால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இபிஎஃப் முகப்புக்குப் போய் ஆன்ட்டி பெயரை எழுதிவிட்டு வாருங்கள். அதற்குக் காசு தேவையில்லை, நானும் தேவையில்லை. இந்த வாரமே செய்யுங்கள் அங்கிள்.

(இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாலிசி பேசியவர்களை நான் வேலைக்கு எடுத்ததில்லை.)

ஓட்டுநர்: சரிம்மா. ஆனால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற மெடிக்கல் கார்டு எனக்கு எதற்கு? அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு மூணு வெள்ளி.

முகவர்: உண்மைதான். அரசாங்க ஆஸ்பத்திரியை நான் குறைத்துப் பேசமாட்டேன், எங்கள் தாத்தாவுக்கு ஈப்போவில் அங்கேதான் பார்த்தோம். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே பார்க்கிறார்கள். அவசரமில்லாத அறுவைக்குத்தான் வரிசை. உங்களுக்கு லோரி ஓடினால்தான் டிரிப் காசு. குடலிறக்கம், முட்டி வலி என்று மாதக்கணக்கில் காத்திருந்தால் வீட்டுச் செலவு எப்படி ஓடும்? அந்த நாள்களைக் குறைக்கத்தான் கார்டு. அந்தக் கவலை இல்லை என்றால் கார்டு வேண்டாம்.

ஓட்டுநர்: கவலை இருக்கிறது. போன வருடம் மண்டோர் ஒருவர் அப்படித்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சரி, எழுதிக்கொள். ஒன்று மட்டும், எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இரண்டு வருடமாக மாத்திரை. அதை எழுதாதே.

முகவர்: எழுதத்தான் வேண்டும் அங்கிள்.

ஓட்டுநர்: இரண்டு வருடம் கடந்துவிட்டால் கம்பெனி கேட்க முடியாது என்று பழைய ஆள் சொன்னாரே?

முகவர்: பாதி உண்மை. இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஆயுள் காப்புறுதியைச் சும்மா ரத்து செய்ய முடியாது என்று 2013 நிதிச் சேவைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தெரிந்தே ஏமாற்றியதாக நிரூபித்தால் அதற்குப் பிறகும் மறுக்கலாம். கிளினிக் புத்தகத்தில் தேதியோடு மாத்திரை எழுதியிருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரிப் படுக்கையில் நீங்கள், பில் கையில் ஆன்ட்டி. பதில் சொல்ல நான் இருந்தாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஓட்டுநர்: எழுதினால் தரமாட்டார்களே!

முகவர்: தரலாம், கட்டணத்தைக் கூட்டலாம், சில நோய்களை ஒதுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எவ்வளவு என்பதைப் பார்ப்பார்கள். என்ன பதில் வருமென்று இன்றைக்கு வாக்குக் கொடுத்தால் நானும் பழைய ஆள் மாதிரிதான். உங்களுக்கு மறுத்தாலும் ஆன்ட்டிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம்.

ஓட்டுநர்: கட்டணம் ஏறிக்கொண்டே போகுமாமே? என் தம்பிக்கு ஏறியது.

முகவர்: ஏறும். வயதோடும் ஏறும், மருத்துவச் செலவோடும் ஏறும். ஒரேயடியாக ஏற்றாமல் மூன்று ஆண்டாவது பிரித்து ஏற்ற வேண்டும் என்று 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்தது. ஏறவே ஏறாது என்று அது அர்த்தமில்லை. பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் வகையும் இருக்கிறது, கட்டணம் குறைவு. ஆனால் அந்தப் பங்குக்கான பணம் கையில் இருக்க வேண்டும். மாதம் எவ்வளவு என்றால் மூச்சு முட்டாது? லோரி நிற்கும் மாதத்தையும் நினைத்துச் சொல்லுங்கள்.

ஓட்டுநர்: நூறு. அதற்கு மேல் முடியாது.

முகவர்: நூறுக்கு நாலு பேருக்கும் கார்டு வராது. யாருக்கு முதலில் என்று ஆன்ட்டியோடு உட்கார்ந்து முடிவு செய்வோம். இன்னும் இரண்டு விஷயம். போட்ட அடுத்த நாளே பயன்படாது. நோய்களுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். கட்டின பணம் திரும்ப வரும், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அந்தச் செலவைக் கழிப்பார்கள்.

ஓட்டுநர்: இன்றைக்குக் கையெழுத்து வேண்டாமா?

முகவர்: வேண்டாம் அங்கிள். வியாழக்கிழமை ஆன்ட்டி இருக்கும்போது வருகிறேன். கிளினிக் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

(நடிப்பு இங்கே நிற்கிறது. மேலாளராக மாறி ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.)

மேலாளர்: அவர் பேனாவை எடுக்கத் தயாராக இருந்தார். ஏன் விட்டாய்?

முகவர்: மனைவிக்குத் தெரியாமல் போட்ட பாலிசி மூன்றாவது மாதத்தில் நிற்கும் சார். அதோடு அவருடைய சர்க்கரை அளவு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் எந்தப் பாரத்தை நிரப்புவது?

மேலாளர்: வியாழக்கிழமை அவர் புத்தகத்தை மறைத்துவிட்டால்?

முகவர்: அவருக்குப் பாரம் நிரப்பமாட்டேன். இபிஎஃப் முகப்புக்குப் போனாரா என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆன்ட்டியிடம் பேசுவேன்.