4,000 துணிப்பை ஆர்டர்: தள்ளுபடி, டெலிவரி, பணத் தவணை பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று நீங்கள் கேட்ட மூன்றையும் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே தந்த 8 சதவீதத்துக்கு மேல் இன்னும் 7 சதவீதம், மூன்று கிடங்குகளுக்கும் இலவச டெலிவரி, 60 நாள் தவணை. ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால் ஏதாவது வழி பார்த்திருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் எங்களுக்குக் கட்டுபடியாகாது.

பெரிய சிக்கல் தவணைதான். துணி ஆலைக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே பாதிப் பணம் கட்டுகிறோம், மீதியை 15 நாளில் கேட்பார்கள். தைத்து முடிக்க 20 நாள். அதன்பிறகு 60 நாள் என்றால், நாங்கள் துணிக்குக் கொடுத்த பணம் திரும்ப 80 நாள் ஆகும். இடையில் தையல்காரர்களுக்கு வாரக்கூலி நிற்காது. அவர்களை நான் காக்கவைக்க முடியாது. எனவே 40 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு வந்த 30 நாளில் என்று வைத்துக்கொள்வோம். சரக்கை இறக்கிய அன்றே முழுத்தொகையும் தந்தால் 2 சதவீதம் கூடுதலாகக் குறைத்துக்கொள்கிறேன்.

விலையில் இன்னொரு வழியும் இருக்கிறது. நான்கு வடிவங்களில் அச்சு கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி ஸ்கிரீன், மாற்றும்போதெல்லாம் மை கழுவி மறுபடி பொருத்த அரை நாள் போகிறது. இரண்டு வடிவங்களாகச் சுருக்கினால் அந்தச் செலவு மிச்சம். அதை அப்படியே 3 சதவீதமாக உங்களுக்கே தருகிறேன்.

டெலிவரி எளிது. நூறு நூறாகக் கட்டினால் 40 கட்டுகள், ஒரே வண்டியில் அடங்கும். தலைமைக் கிடங்கில் இலவசமாக இறக்கித் தருகிறோம். மற்ற இரண்டு இடங்களுக்கும் எடுத்துச் செல்ல வேண்டுமானால் வண்டி வாடகையை, ரசீதில் உள்ளபடி, நீங்கள் ஏற்க வேண்டும்.

வேறொருவர் இதைவிடக் குறைத்துத் தருவதாகச் சொன்னீர்கள். அவர் எந்தத் துணியில் தைக்கிறார் என்று தயவுசெய்து கேளுங்கள். இக்கடிதத்துடன் இரண்டு மாதிரிகள் அனுப்பியிருக்கிறேன்: ஒன்று 140 ஜி.எஸ்.எம்., மற்றது நாங்கள் விலை சொன்ன 180. இரண்டிலும் ஐந்து கிலோ எடை போட்டு ஒரு நாள் தொங்கவிட்டு, கைப்பிடி பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். எங்கள் பையில் அங்கே பெட்டி போலச் சுற்றித் தைத்து, குறுக்கே இரண்டு தையல் போட்டிருக்கிறோம். அந்தத் தையலைக் குறைத்து விலையைக் குறைக்க எனக்கு மனம் வராது. பை அறுந்தால் உங்கள் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார்.

இந்த விலை 10 நாள்களுக்குச் செல்லும். அதன்பின் ஆலை விலை மாறக்கூடும். இந்தச் சனிக்கிழமைக்குள் வடிவங்களின் எண்ணிக்கையையும் பணம் தரும் முறையையும் முடிவு செய்து சொன்னால், திங்களன்றே துணிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
விற்பனைப் பொறுப்பாளர்