அமராவதிக்கரை ஹோம் டெக்ஸ்டைல்ஸ் பிரைவேட் லிமிடெட், கரூர்: இயக்குநர் குழுத் தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட நகல்

பெறுநர்: கிளை மேலாளர், இந்தியன் வங்கி, பெருந்துறை

வணக்கம். நடப்புக் கணக்கு தொடங்கத் தாங்கள் கேட்ட தீர்மான நகல் கீழே உள்ளது. எங்களுக்குக் கம்பெனி செயலாளர் இல்லை. செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயை எட்டாத தனியார் நிறுவனம் என்பதால் நியமிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே தலைவர் என்ற முறையில் நானே சான்றளிக்கிறேன். கணக்கை இயக்கும் இருவரில் நான் இல்லை. தனக்குத் தானே அதிகாரம் கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. அப்புறம், கீழே இருப்பது சாதாரண ரப்பர் ஸ்டாம்ப்தான். பொது முத்திரை எங்களிடம் இல்லை; 2015 திருத்தத்துக்குப் பின் அது கட்டாயமும் இல்லை.

2025 ஜூன் 16, திங்கள், காலை 11 மணிக்குக் கரூர் பதிவு அலுவலகத்தில் நடந்த இயக்குநர் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டிலிருந்து:

வந்திருந்தோர்: கு. சண்முகம் (தலைவர்), ச. மாலதி, ரா. தினேஷ். மூன்று இயக்குநர்களும் வந்திருந்ததால் குறைவெண் நிறைவு பெற்றது.

பொருள் 4. பெருந்துறைத் தையல் கூடத்தின் சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடாவுக்கு அங்கேயே ஒரு கணக்கு தேவை எனத் தினேஷ் தெரிவித்தார். விவாதித்தபின் ஒருமனதாக:

“தீர்மானிக்கப்பட்டது: நிறுவனத்தின் பெயரில் இந்தியன் வங்கி, பெருந்துறை கிளையில் நடப்புக் கணக்கு தொடங்கப்படும்.

மேலும் தீர்மானிக்கப்பட்டது: ரூ. 2,00,000 வரையிலான காசோலைகளிலும் பணமாற்று உத்தரவுகளிலும் ச. மாலதி, ரா. தினேஷ் இருவரில் ஒருவர் கையொப்பமிட்டால் போதும். அதற்கு மேற்பட்ட தொகைக்கு இருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். தொகையைப் பிரித்துப் பல காசோலைகளாக எழுதக் கூடாது. இணைய வங்கியில் கணக்காளர் பதிவு மட்டும் செய்யலாம். ஒப்புதல் மேற்சொன்ன வரம்புப்படி இயக்குநர்களுடையது. இக்கணக்கில் ஓவர்டிராஃப்ட் உள்ளிட்ட எந்தக் கடனையும் பெற இத்தீர்மானம் அதிகாரம் தராது.

மேலும் தீர்மானிக்கப்பட்டது: நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 21-இன்படி இத்தீர்மானத்தின் நகலுக்குச் சான்றளித்து வங்கியிடம் தரத் தலைவர் கு. சண்முகத்துக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. மாற்றமோ ரத்தோ செய்த தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட நகல் வங்கிக்குக் கிடைக்கும்வரை இது செல்லும்.”

சான்று: மேற்கண்டது குறிப்பேட்டில் பதிவாகி, நான் கையொப்பமிட்ட தீர்மானத்தின் உண்மை நகல். இன்றுவரை இது மாற்றப்படவோ ரத்து செய்யப்படவோ இல்லை. இருவரின் மாதிரிக் கையொப்பங்களும், 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் உண்மை உரிமையாளர்கள் பற்றிய அறிவிப்பும் தனித்தாள்களில் என் சான்றொப்பத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. நிறுவனத்துக்கு எந்த வங்கியிலும் கடன் வசதி கிடையாது.

கரூர், 2025 ஜூலை 9

(ஒப்பம்) கு. சண்முகம்
இயக்குநர், குழுத் தலைவர்
அமராவதிக்கரை ஹோம் டெக்ஸ்டைல்ஸ் பிரைவேட் லிமிடெட்டுக்காக