கருவி அலமாரி இரவல் ஏடு – அக்டோபர் 2025

இடம்: பீடோர், மாரியம்மன் கோயில் மண்டபத்தின் பின்னறை
திறக்கும் நேரம்: புதன் மாலை 6 – 7.30, ஞாயிறு காலை 9 – 11
29.10.2025 புதன் இரவு வரை எழுதியது

மிசினும் ஏணியும் அடுத்த திறப்பு நாளுக்குள் திரும்ப வேண்டும். மற்ற சாமான்களுக்கு 2 வாரம். ஆள் பெயர் எழுதுவதில்லை, லயத்து வீட்டு எண்தான். நம்ம சாமான் எல்லாவற்றின் பிடியிலும் நீலப் பெயிண்ட் கோடு இருக்கும். அடுத்தவர் வீட்டில் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

| பொருள் | வீடு | எடுத்தது | தவணை | நிலை |
|---|---|---|---|---|
| அலுமினிய ஏணி, 12 அடி | 7 | 1.10 | 5.10 | 5.10 வந்தது |
| புல் வெட்டும் மிசின் | 31 | 1.10 | 5.10 | 5.10 வந்தது, குறை உண்டு |
| டிரில் மிசின், பிட் பெட்டியோடு | 14 | 5.10 | 8.10 | தவணை தாண்டியது |
| ஏணி | 22 | 5.10 | 8.10 | 8.10 வந்தது |
| ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி | 9 | 5.10 | 19.10 | 12.10 வந்தது |
| ஏணி | 18 | 8.10 | 12.10 | 15.10 வந்தது, 3 நாள் தாமதம் |
| வயர் சுருள், 20 மீட்டர் | கோயில் | 15.10 | 29.10 | 22.10 வந்தது |
| ஏணி | 31 | 15.10 | 19.10 | 19.10 வந்தது |
| பைப் ஸ்பேனர், 14 அங்குலம் | 26 | 19.10 | 2.11 | வெளியே |
| புல் வெட்டும் மிசின் | 40 | 22.10 | 26.10 | 26.10 வந்தது |

ஏணி: தீபாவளி 20ஆம் தேதி என்பதால் இந்த மாதம் பெயிண்ட் அடிக்காத வீடே இல்லை. ஏணிக்கு வரிசை நின்றது. 18ஆம் வீட்டு அக்கா மழையில் சுவர் காயவில்லை என்றார், சாயங்காலம் தவறாமல் மழை கொட்டியது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் 12ஆம் தேதி காத்திருந்த 31ஆம் வீடு சும்மா நடந்து போயிருக்காது. மூன்றாம் படியில் அவர்கள் ஹால் பச்சை இன்னும் ஒட்டியிருக்கிறது. சுரண்ட வேண்டாம், பாதகமில்லை.

புல் வெட்டும் மிசின்: 31ஆம் வீட்டுத் தம்பி வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிவிட்டார். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்க வைக்கிறது. அது இல்லாவிட்டால் சூடேறி இறுகிப்போகும், அப்படித்தான் ஆனது. கடையில் 85 வெள்ளி ஆனது. தம்பியே முழுதும் கொடுத்துவிட்டார், அதனால்தான் 15ஆம் தேதி ஏணி கொடுத்தேன். இனி இந்த மிசினோடு கலந்த பெட்ரோல் போத்தலும் போகும்: 1 லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய். போத்தல் காலியானால் என்னிடம் வாங்க, சொந்தமாகக் கலக்க வேண்டாம். 40ஆம் வீடு பிளேடைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தது. இதுவரை யாரும் செய்யாதது.

டிரில்: இதைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.
8.10 – 14ஆம் வீட்டு அண்ணன்: "வீட்டுலதான் இருக்கு, நாளைக்குத் தாரேன்."
12.10 – திரைச்சீலைக் கம்பி மாட்ட 22ஆம் வீட்டுக்குக் கொடுத்தாராம். 22க்குப் போனேன். அன்றைக்கே 14ஆம் வீட்டு மகன் கையில் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னார்கள்.
15.10 – மகன் தன் மச்சானுக்குக் கொடுத்தாராம். மச்சான் இருப்பது கிள்ளானில்.
22.10 – தீபாவளிக்கு மச்சான் வந்தார், முறுக்கு டின்னோடு போனார். டிரில் காரில் ஏறவில்லை, வீட்டிலேயே மறந்துவிட்டாராம்.
26.10 – அண்ணன் தள்ளுவண்டி கேட்டார். கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார். "நானா வெச்சிருக்கேன்?" என்றார்.

அண்ணே, இந்த ஏட்டில் கையெழுத்து உங்களுடையது. சாமான் எத்தனை கை மாறினாலும் கணக்கு எடுத்த வீட்டின் பேரில்தான். 22ஆம் வீட்டின் மேல் குறை எழுதவில்லை, ஏனென்றால் அவர்கள் இங்கே எடுக்கவில்லை. இனி அடுத்தவருக்குத் தேவையென்றால் முதலில் அலமாரிக்கு வரட்டும், இரண்டு நிமிட வேலை.

29.10 – மச்சானிடமே போனில் பேசினேன். சனிக்கிழமை வருகிறார். புதுத் தவணை ஞாயிறு, 2.11. பெட்டியைத் திறந்து பிட்களை எண்ணித்தான் வாங்குவேன்: மொத்தம் 9, சிமெண்டுச் சுவருக்கான 8 மில்லிமீட்டர் பிட் உட்பட. அதுவரை 14ஆம் வீட்டுக்கு வேறு எதுவும் இல்லை.

டிரிலுக்குக் காத்திருப்பவர்: 5ஆம் வீடு, 19.10 முதல். பாட்டி குளியலறையில் கைப்பிடி மாட்ட வேண்டுமாம். ஞாயிறு 9 மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.