பொருள்: சங்கத்தின் பழைய கணக்குகள் – 612 ஸ்கேன் படங்களைப் பார்த்ததில் 339 பக்கங்களை எடுக்க வேண்டியிருக்கிறது

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயாவுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய பென்டிரைவ் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. உள்ளே இருந்த 612 படங்களையும் நானும், இங்கே தட்டச்சு செய்யும் தங்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அவற்றில் 337 படங்களை வைத்துக்கொண்டு தட்டச்சைத் தொடங்க முடியாது, இன்னும் இரண்டு பக்கங்கள் எடுக்கப்படவே இல்லை, ஆக 339 பக்கம் எடுக்க வேண்டும். ஸ்கேனுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது, அதனால் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது சொல்லாமல் ஆண்டுவிழா மலர் அச்சான பிறகு ஒரு தொகை தப்பு என்று யாராவது கண்டுபிடித்தால் சங்கத்துக்குத்தான் கெட்ட பெயர்.

முதலில் நல்ல செய்தி. தீர்மானப் புத்தகத்தை (1952–56, 208 படங்கள்) எடுத்தவர் கவனமாக எடுத்திருக்கிறார். கலர், 300 டிபிஐ, எழுத்து தெளிவு. அதில் ஆறு பக்கம் மட்டும்தான் குறை. பக்கம் 87-க்கு அடுத்து 90 வந்துவிடுகிறது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார்கள். சாயம் வாங்குவது பற்றிய தீர்மானம் 87-ன் அடியில் தொடங்குகிறது, 90-ல் வெறும் கையெழுத்துகள்தான் இருக்கின்றன. நடுவில் என்ன முடிவானது என்பதே போய்விட்டது. 22, 61, 117 ஆகிய பக்கங்களில் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. 134-ல் மூலை மடிந்து ஆஜரானவர்களின் பெயர்ப் பட்டியலை மறைக்கிறது. 143 இரண்டு முறை வந்திருக்கிறது, அது பரவாயில்லை, ஒன்றை நாங்களே நீக்கிவிடுகிறோம். லேசாகச் சாய்ந்திருக்கும் பக்கங்களையும் இங்கேயே நிமிர்த்திக்கொள்வோம், அதற்காக நீங்கள் புத்தகத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

பிரச்சினை பேரேட்டில். 1954–57 பேரேடு, 276 படங்கள், அத்தனையும் மறுபடி எடுக்க வேண்டும்.

படத்தின் விவரத்தில் 300 டிபிஐ என்றுதான் காட்டுகிறது. ஆனால் அகலம் 1275 பிக்சல், உயரம் 2025. பேரேடு ஃபுல்ஸ்கேப் அளவு, எட்டரைக்குப் பதின்மூன்றரை அங்குலம். நிஜமாகவே 300-ல் எடுத்திருந்தால் 2550-க்கு 4050 வந்திருக்க வேண்டும். அதாவது 150-ல் எடுத்துவிட்டு லேபிளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களா, மென்பொருள் தானாகப் போட்டதா, அது என் கேள்வி அல்ல. நீங்களே சோதிக்கலாம்: ஒரு பக்கத்தை அசல் அளவில் பிரிண்ட் போடுங்கள், பாதி அளவுதான் வரும்.

இதனால் என்ன நஷ்டம் என்றால், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மெய்யெழுத்துப் புள்ளிக்கு 150-ல் மூன்று பிக்சல்தான் கிடைக்கிறது. கூடவே சுத்தக் கறுப்பு வெள்ளையாகவும் எடுத்திருப்பதால் அந்த மூன்றும் பல இடங்களில் வெள்ளையாகிவிட்டன. 'நூல் கட்டு' என்பது 'நூல கடடு' என்று தெரிகிறது. வார்த்தையையாவது ஊகித்துவிடலாம், எண்ணை ஊகிக்க முடியாது. 3, 8 இரண்டும் மை அடைத்து ஒரே மாதிரி நிற்கின்றன. தாளின் மறுபக்க மையும் முன்பக்கத்தோடு கலந்து கறுப்பாக வந்திருக்கிறது. எது இந்தப் பக்கத்து எழுத்து என்று பிரிக்கவே முடியவில்லை.

கலர் போனதால் இன்னொன்றும் போயிற்று. 1957 ஏப்ரல் 1-ல் அணா, பை போய் நயா பைசா வந்தது உங்களுக்குத் தெரியும். தலைப்பில் அச்சிட்டிருந்த 'அணா', 'பை' கட்டங்களைக் கணக்குப்பிள்ளை அடித்துவிட்டு மேலே 'ந.பை.' என்று எழுதியிருப்பார். அதெல்லாம் சிவப்பு மையாக இருந்திருக்க வேண்டும், இந்தப் படத்தில் சுத்தமாக இல்லை. ஆகவே ஏப்ரலுக்குப் பிந்தைய பக்கங்கள் பழைய கணக்கா புதிய கணக்கா என்று குழப்புகின்றன. தணிக்கையாளர் போட்ட டிக் குறிகளும் அதே கதிதான்.

அப்புறம் தையல் ஓரம். கனமான புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தபோது நடுமடிப்பு அமரவில்லை. இடப்பக்கங்களில் பைக் கட்டம் மடிப்பு நிழலுக்குள் மறைந்துவிட்டது. `B2_0112.jpg` என்ற படத்தைத் திறந்து பாருங்கள். மூன்று வரவுகள்: 12 ரூபாய் 8 அணா 6 பை, 9 ரூபாய் 4 அணா, 31 ரூபாய் 12 அணா. பின்னிரண்டுக்கும் பை தெரியவில்லை. கீழே கூட்டுத்தொகை 53-9-3 என்று நல்லவேளையாகத் தெரிகிறது. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்று கூட்டிப் பார்த்தால் மறைந்திருக்கும் இரண்டும் சேர்ந்து 9 பை. ஆனால் 3-ம் 6-மா, 6-ம் 3-மா, ஒன்று 9 மற்றது காலியா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து விட்டுவிட்டேன். இப்படி 276 பக்கம் போட முடியாது ஐயா.

வவுச்சர்கள் 128-ல் 57 மறுபடி எடுக்க வேண்டும். உதிரித் தாள் என்று ஃபீடரில் விட்டிருக்கிறார்கள். உள்கண்ணாடியில் ஏதோ அழுக்கு ஒட்டியிருந்திருக்கிறது, மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு 57 தாளிலும் தொகைக் கட்டத்தின் வழியாக ஓடுகிறது. 40 ரூபாய் 140 மாதிரி தெரிகிறது. மேலும், அந்த வயதுத் தாளை ஃபீடரில் விடவே கூடாது. இரண்டு வவுச்சரின் ஓரம் புதிதாகக் கிழிந்த மாதிரி இருக்கிறது. தயவுசெய்து அசலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் என் தப்பும் உண்டு. போனில் '300-ல் எடுங்கள்' என்று மட்டும் சொன்னேன். கலர், நடுமடிப்பு பற்றி எழுதித் தந்திருக்க வேண்டும். இப்போது எழுதிவிடுகிறேன்: பேரேட்டுக்கு 400 டிபிஐ, 24 பிட் கலர், தானாக வெட்டும் வசதி வேண்டாம், பக்கத்துக்கு ஒரு படம், கோப்பு TIFF. புத்தகத்தைக் கவிழ்க்காமல் மேலிருந்து எடுக்கும் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. கட்டைப் பிரிக்க வேண்டாம், அந்த மைதாப் பசை ஒருமுறை உடைந்தால் மறுபடி ஒட்டுவது கஷ்டம்.

எடுத்தவரிடமே இலவசமாகத் திருத்தித் தரச் சொல்வது ஒரு வழி. கேட்டால் செய்வார்கள் என்றே நினைக்கிறேன், இந்த மெயிலைக் காட்டுங்கள். இல்லையென்றால் புத்தகங்களை வேலூருக்கே கொண்டுவந்துவிடுங்கள், எங்களிடம் ஸ்டாண்டு இருக்கிறது. பக்கத்துக்கு 4 ரூபாய். தீர்மானப் புத்தகத்தின் ஆறு பக்கத்துக்குக் காசு வேண்டாம், மீதி 333 பக்கத்துக்கு 1,332 ரூபாய். மூன்று நாள் பிடிக்கும். அசல் புத்தகங்களைத் தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள், யாரையாவது பஸ்ஸில் ஏற்றி விடுங்கள். நீங்களே வந்தால் ஒரு காபி குடித்துக்கொண்டு 112-ஆம் பக்கத்தை அசலிலேயே பார்த்துவிடலாம்.

தீர்மானப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களை நாளையே தட்டச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. மற்றவற்றுக்கு எந்த வழி என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொன்னால் போதும். குறையுள்ள எல்லாப் படங்களின் பட்டியலையும் `kuraigal_B1_B2_B3.xlsx` என்ற கோப்பில் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஸ்கேன் சரிபார்ப்புப் பொறுப்பாளர்,
காட்பாடி சாலை, வேலூர்