மொட்டை மாடித் தொட்டி தினமும் இரவில் வழிவது பற்றி

அனுப்புநர்:
பி-12 வீட்டில் குடியிருப்பவர்,
மூன்றாம் மாடி, பி பிளாக்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
குடியிருப்போர் சங்கம்.

பொருள்: ஏ, பி பிளாக்குகளுக்குப் பொதுவான தொட்டியின் ஃப்ளோட் வால்வை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் பொதுத் தொட்டி மூன்று வாரமாக இரவில் வழிகிறது. இரண்டு முறை உங்களிடம் நேரில் சொன்னேன். நீங்களும் உடனே பிளம்பரை அனுப்பினீர்கள். அவர் வால்வின் கம்பியைக் கீழே வளைத்து வைத்துவிட்டுப் போனார். நான்கு நாள் நின்றது, அப்புறம் பழையபடி வழிய ஆரம்பித்துவிட்டது.

சென்ற சனிக்கிழமை இரவு காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு அவரோடு நானே மேலே போய்ப் பார்த்தேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், மேலே மிதக்க வேண்டிய பந்து முக்கால்வாசி தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது. கம்பியோடு சேர்த்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. பந்தில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் புகுந்த பந்து கனத்துப்போகும், கம்பியை மேலே தள்ள அதற்கு வலு இருக்காது. சரி, பந்து மட்டும்தான் கோளாறா என்று பார்க்கக் கம்பியைக் கையால் முழுக்கத் தூக்கிப் பிடித்தேன். பாய்ச்சல் குறைந்ததே தவிர நிற்கவில்லை, விரல் பருமனுக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆக, உள்ளே இருக்கும் வாஷரும் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அதன் வாயில் மண் சிக்கியிருக்க வேண்டும். கம்பியை இன்னும் எத்தனை முறை வளைத்தாலும் இது தீராது.

பகலில் ஏன் வழிவதில்லை என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பகலில் இரண்டு பிளாக்கிலும் ஏதாவது ஒரு குழாய் திறந்தே இருக்கிறது. வால்வு சரியாக மூடாவிட்டாலும் வருகிற தண்ணீர் செலவாகிவிடுகிறது. இரவில் யாரும் குழாயைத் திறப்பதில்லை. தெருக் குழாயிலும் அந்த நேரத்தில் அழுத்தம் கூடிவிடுகிறது. அதனால் பன்னிரண்டு மணி வாக்கில் வழியத் தொடங்கி, விடிகாலை ஐந்து மணிக்கு வீடுகளில் குழாய் திறக்கும் வரை ஓடுகிறது.

எவ்வளவு வீணாகிறது என்றும் பார்த்துவிடலாம் என்று வழிகிற குழாயின் அடியில் 15 லிட்டர் வாளியை வைத்தேன். மூன்று நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 300 லிட்டர், ஐந்து மணி நேரத்துக்கு 1,500 லிட்டர். அத்தனையும் ஒவ்வொரு இரவும் வெறும் தரையில் போகிறது. பார்த்துக்கொண்டு நிற்கவே மனசு வரவில்லை.

போகிற தண்ணீரும் ஒழுங்காக வடிவதில்லை. வடிகால் வாயில் இலைகள் அடைத்திருப்பதால் தளத்தில் குளம்போல் தேங்குகிறது. எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் முதலில் தட்டு அளவுக்கு இருந்த ஈரக்கறை இப்போது மின்விசிறி வரை பரவிவிட்டது. திங்கட்கிழமை காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, என் அம்மா படுக்கும் கட்டிலில் விழுந்தது. நல்லவேளையாக அவர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார். அன்றிலிருந்து அவரைக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறோம். மின்விசிறியின் சுவிட்சைப் போடவே பயமாக இருக்கிறது. ஈரம் இப்படியே ஊறினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். அப்படி ஆனால் கூரையை எப்படிச் சரிசெய்வது?

தயவுசெய்து பந்து, கம்பி, வாஷர் எல்லாம் சேர்த்து ஃப்ளோட் வால்வைப் புதிதாகவே மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போது தொட்டிக்கு வரும் குழாயை ஒருமுறை திறந்துவிட்டு மண்ணை வெளியேற்றிவிட்டுப் பொருத்தினால் நல்லது, இல்லையென்றால் புது வாஷரும் சீக்கிரம் கெட்டுவிடும். வடிகாலையும் அன்றே சுத்தம் செய்துவிடலாம். செலவு எந்த பிளாக்கின் கணக்கில் என்ற பேச்சில்தான் போன முறை நேரம் போனது. இரண்டு பிளாக்குக்கும் தண்ணீர் தரும் தொட்டி இது, பொதுப் பராமரிப்புத் தொகையிலிருந்து செய்வதே முறை என்பது என் கருத்து. சீலிங் பூச்சு வேலையைப் பற்றி ஈரம் காய்ந்த பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம், இப்போது அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

வால்வு மாறும் வரை தொட்டிக்குப் போகும் குழாயில் உள்ள கேட் வால்வை இரவு பதினொரு மணிக்கு மூடி, காலை ஐந்து மணிக்குத் திறந்தால் போதும். நிறைந்த தொட்டி இரவுக்குத் தாராளமாக வரும். இந்த வேலையை நானே செய்கிறேன். மொட்டை மாடிச் சாவியில் ஒன்றை மட்டும் என்னிடம் தரச் சொல்லுங்கள், இன்று இரவிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

பிளம்பர் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருப்பேன். இந்த வார இறுதிக்குள் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
பி-12 வீட்டில் குடியிருப்பவர்

இணைப்பு: சீலிங் கறை, பெயர்ந்த காரை, தண்ணீரில் முங்கிய பந்து – மூன்று புகைப்படங்கள்.