சேமிப்புக் கணக்கு எக்செல் கோப்பு: எண்களைப் பார்க்கும் முன் படிக்க வேண்டியது

தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் கேட்ட கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ‘முன்கணிப்பு’ தாளின் அடியில் 15.52 லட்சம் என்று ஒரு பெரிய எண் நிற்கும். அதைப் பார்த்து மாடி கட்டத் திட்டம் போடுவதற்குள், அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் கட்டத்தில் இருப்பது இதுதான்:

```
=FV(B4/12, B5*12, -B6*B8/12, -B7, 1)
```

B4 ஆண்டு வட்டி, 6.5 சதவீதம். B5 பத்து ஆண்டு. B6 மாதம் 10,000 ரூபாய். B7 ஏற்கெனவே சேர்ந்திருக்கும் தொகை, இப்போது சுழி. கழித்தல் குறி நஷ்டத்தைக் காட்டுவதல்ல; உங்கள் கையை விட்டுப் போகும் பணம் என்று எக்செலுக்குச் சொல்லும் வழி. கடைசியில் உள்ள 1, மாதத் தொடக்கத்திலேயே பணத்தை ஒதுக்குகிறீர்கள் என்று பொருள். சம்பளம் வந்ததும் எடுத்து வைக்காமல் மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடுவதானால் அதை 0 ஆக்கிவிடு. ஆனால் உங்கள் வீட்டில் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

B8 இல் 11 இருக்கிறது. இதுதான் நான் வேண்டுமென்றே வைத்த அனுமானம். ஆண்டுக்கு 12 மாதமும் சேமிப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. உன் மனைவி எழுதி வைத்திருந்த செலவு நோட்டைப் புரட்டினேன். போன ஆவணியில் மட்டும் ஆறு கல்யாணம், ஒரு காதுகுத்து. மொய் 14,500 ரூபாய், போக்குவரத்துச் செலவு தனி. அந்த மாதம் சேமிப்புக்கு நேரே ஒரு கோடுதான் இருந்தது. ஆண்டுக்கு ஒரு மாதம் இப்படிப் போகும் என்று முன்பே ஒத்துக்கொண்டால் பிறகு மனம் உடையாது. 12 என்று மாற்றிப் பார்க்கலாம், 16.93 லட்சம் வரும். பார்த்துவிட்டு மறுபடி 11 ஆக்கிவிடு.

வங்கி வைப்புகளுக்குப் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். என் சூத்திரம் மாதந்தோறும் சேர்ப்பதாகக் கணக்கிடுகிறது. பத்து ஆண்டு முடிவில் இதனால் சுமார் 3,000 ரூபாய் கூடுதலாகக் காட்டும். இதற்காகச் சூத்திரத்தைச் சிக்கலாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வட்டிக்கு வருமான வரி எதுவும் கழிக்கவில்லை. உங்கள் இப்போதைய வருமானத்துக்கு வரி வராது.

பெரிய எண்ணுக்கு அடுத்த வரியில் 8.67 லட்சம் என்று இருக்கும். நீ முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

```
=B12/(1+B10)^B5
```

B12 அந்தப் பெரிய எண். B10 விலைவாசி உயர்வு, ஆண்டுக்கு 6 சதவீதம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், கீழும் மேலும் 2 சதவீதம் வரை விலக இடம் உண்டு. நான் மேல் எல்லையை எடுத்திருக்கிறேன், ஏனென்றால் உங்கள் செலவில் பெரும்பங்கு பள்ளிக் கட்டணமும் மருத்துவமும். போடும் பணமே 11 லட்சம், கிடைப்பது 8.67 லட்சமா என்று கேட்பாய். பத்து ஆண்டு கழித்து வரும் 15.52 லட்சத்துக்கு இன்றைய கடைவீதியில் அவ்வளவுதான் மதிப்பு. சம்பளம் உயர்ந்தாலும் மாதம் அதே 10,000 தான் என்று வைத்திருப்பதும் ஒரு காரணம். நீ சம்பள உயர்வை வாங்கிக் காட்டு. அதன் பிறகு B6 ஐ ஏற்றிக்கொள்.

பாப்பாவின் செல்வமகள் கணக்கு தனித் தாளில் இருக்கிறது. இப்போதைய வட்டி 8.2 சதவீதம். ஆனால் மத்திய அரசு காலாண்டுதோறும் இதைப் பரிசீலிக்கிறது. 2020 ஏப்ரலில் 8.4 இலிருந்து 7.6 ஆகக் குறைத்ததை மறக்கவில்லை. அதனால் வரும் ஆண்டுகள் அனைத்துக்கும் 7.6 என்றே போட்டிருக்கிறேன். பணம் கட்டுவது 15 ஆண்டு, முதிர்வு 21ஆம் ஆண்டில் என்பதால் கடைசி ஆறு ஆண்டுக்கு வட்டி மட்டும் ஓடும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி உண்டு. தாள் அப்படித்தான் கணக்கிடுகிறது.

நகையை எங்கும் சேர்க்கவில்லை. விற்கப்போவதில்லை என்றால் அது சேமிப்புக் கணக்கில் வர வேண்டியதில்லை. அவசரத்துக்கு வைத்திருக்கும் 1.5 லட்சத்தையும் தொடவில்லை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியும், வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை என்பதால் ஆறில் ஒரு பங்கும் மாதச் செலவில் ஏறும்.

மஞ்சள் நிறக் கட்டங்களில் மட்டும் எண்களை மாற்றுங்கள். வெள்ளைக் கட்டத்தில் தவறி எண்ணைத் தட்டினால் சூத்திரம் அழிந்துவிடும். அழிந்தால் பதறாதே, அசல் கோப்பு என்னிடம் இருக்கிறது. புது வட்டி விகிதங்களை ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை போட்டால் போதும்.

அக்கா